விடைக்குறிப்பு ஆறு என்கிறது, அவளுக்கு எட்டு வருகிறது

வாசகர் கடிதம்

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலை வகுப்பு எடுத்தேன். அங்கே வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கைடில் அச்சாகியிருந்த விடை தப்பு என்று கண்டுபிடித்தாள். அதைச் சிறுகதையாக எழுதியிருக்கிறேன். கதையில் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. கணக்கு சார் "புத்தகத்துக்கே பாடம் நடத்துறியா" என்று கை ஓங்குகிறார். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை, விறுவிறுப்புக்காகச் சேர்த்தேன். கடைசியில் பதிப்பகம் மன்னிப்புக் கேட்கிறது, கலெக்டர் பரிசு கொடுக்கிறார். கணக்கு கஷ்டமாக இருக்கட்டும் என்று பிளஸ் டூ கணக்கு ஒன்றைப் போட்டேன். என் அண்ணன், "அச்சில் வந்த விடை எப்படித் தப்பாகும், நம்பும்படி இல்லை" என்கிறார். தோழி ஒருத்தி, கைடு சின்ன விஷயம், நீட் மாதிரி பெரிய தேர்வில் வை என்கிறாள். பிள்ளை, பள்ளி, கைடு எல்லாவற்றுக்கும் உண்மைப் பெயரையே போட்டிருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், சிறுவர் கதைத் தொகுப்பாசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பயிற்சிக் கைடுகளில் விடை தப்பாக அச்சாவது சாதாரணமாக நடப்பதுதான். கணக்கு சொல்லித் தருகிற யாரைக் கேட்டாலும் ஒன்றிரண்டு காட்டுவார்கள். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. விடை தப்பு என்று கதை சொல்கிறது, எப்படித் தப்பானது என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத பிழையை வாசகர் நம்ப மாட்டார். அந்தப் பிள்ளையும் நம்பக்கூடாது.

பிழை எங்கிருந்து வருகிறது

எழுத்துக் கோக்கும்போது எண் இடம் மாறி 84 என்பது 48 ஆகலாம். நடுவில் ஒரு கேள்வியை நீக்கிவிட்டு விடைப் பட்டியலைத் திருத்தாமல் விட்டால், அதற்குப் பின்னால் வருகிற விடைகள் எல்லாம் ஒரு வரிசை தள்ளிப் போய்விடும். மூன்றாவது வழி உங்கள் கதைக்கு மிகப் பொருத்தம். புதுப் பதிப்பு போடும்போது கேள்வியில் இருக்கும் எண்களை மட்டும் மாற்றுவார்கள், கடைசிப் பக்கத்து விடையில் கை வைக்க மறந்துவிடுவார்கள். பழைய கேள்விக்குச் சரியாக இருந்த விடை, புதுக் கேள்விக்குத் தப்பாகிவிடும்.

இந்த வகைப் பிழையை அவளாலேயே துப்புத் துலக்க முடியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். போன வருடம் படித்த அக்கா ஒருத்தியின் பழைய கைடு ஊரில் எங்காவது கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். புத்தகம் தப்பு என்று சொல்வதோடு நிற்காமல், எந்த இடத்தில் தப்பானது என்று அவள் காட்டிவிட்டால், உங்கள் அண்ணனும் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

பிளஸ் டூ கணக்கு வேண்டாம்

கணக்கு கடினமாக இருந்தால் பிள்ளையின் திறமை தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. வாசகரால் போட்டுப் பார்க்க முடியாத கணக்கு என்றால், அவள் சொல்வது சரி என்பதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர ஆதாரமே இல்லை. அச்சை நம்பாதே என்று சொல்லும் கதையை, அச்சில் இருப்பதால் நம்பு என்று வாசகரிடம் கொடுப்பதாகிவிடும். வாசகர் தன் மனதிலேயே போட்டு முடிக்கிற கணக்காக இருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் 'நேரமும் வேலையும்' இருக்கிறது. உங்கள் பக்கத்தில் தை, மாசி வந்தால் திண்ணைக்குத் திண்ணை புளி குவிந்துவிடும். ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுக்கிற வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராவதும் ஏறக்குறைய அதே சமயம்தான். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். அவள் எதற்காகக் கைடைப் புரட்டுகிறாள் என்பதற்கு இந்தக் காரணமே போதும்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: ஒரு வேலையை முதல் ஆள் தனியாக 12 நாளிலும், இரண்டாம் ஆள் தனியாக 24 நாளிலும் முடிப்பார். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாளில் முடியும்? கொடுக்கப்பட்ட விடைகள் 6, 8, 18, 36. கடைசிப் பக்கத்து விடைக்குறிப்பு 6 என்கிறது.

அவள் போடுகிறாள். முதல் ஆள் ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு முடிப்பார், இரண்டாம் ஆள் இருபத்துநான்கில் ஒரு பங்கு. சேர்த்தால் இருபத்துநான்கில் மூன்று பங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆக எட்டு நாள். குறிப்பைப் பார்க்கிறாள், ஆறு. அழித்துவிட்டு மறுபடி போடுகிறாள். மறுபடியும் எட்டு.

இந்த இடத்தில் உங்கள் கதை "அவள் தன்னம்பிக்கையோடு நிமிர்ந்தாள்" என்று தாண்டிப் போய்விடுகிறது. தாண்டாதீர்கள், இருக்கிற கதையே இங்கேதான். ஒரே வழியில் இரண்டு முறை போட்டு ஒரே விடை வந்தால், செய்த தப்பையே இரண்டு முறை செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவளுக்கு வேறொரு வழி வேண்டும். அது அவள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

அம்மா வேகமாகப் புளி உடைப்பவர், ஒரு குவியலைத் தனியாக 12 நாளில் முடிப்பார் என்று வையுங்கள். ஆயாவுக்கு விரல் மடங்காது, அதே குவியலுக்கு 24 நாள் ஆகும். இப்போது காகிதமே வேண்டாம். ஆயாவும் அம்மா வேகத்துக்கே உடைத்தால், இரண்டு பேருமாகச் சரியாக ஆறு நாளில் முடிப்பார்கள். ஆனால் ஆயா அதில் பாதி வேகம்தான். அப்படியென்றால் ஆறு நாளில் முடியவே முடியாது, அதற்கு மேல்தான் ஆகும். அதே சமயம், அம்மா தனியாகச் செய்தாலே 12 நாள் என்பதால் அதற்கு மேலும் போகாது. விடை ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாக வேண்டும். கொடுத்திருக்கும் நாலு விடைகளில் அப்படி இருப்பது எட்டு ஒன்றுதான். 18, 36 இரண்டும் ஆள் சேரச் சேர வேலை இழுக்கும் என்று சொல்கிற எண்கள். எட்டு எப்படி வந்தது என்பதையே மறந்துவிட்டாலும், ஆறு தப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகம் வராது.

அப்புறம் விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டும். எட்டு நாளில் அம்மா குவியலில் மூன்றில் இரண்டு பங்கு முடித்திருப்பார், ஆயா மூன்றில் ஒரு பங்கு. குவியல் தீர்ந்தது. ஆறு நாளென்றால் அம்மா பாதி, ஆயா கால். கால் குவியல் புளி அப்படியே கிடக்கும்.

அவள் வாயில் ஒரே ஒரு வசனம் வையுங்கள். "ஆயாவும் அம்மா வேகத்துக்கே உடைச்சாத்தான் சார் ஆறு நாளு. ஆயாவால ஆகாதே." இதைக் கேட்கிற பாலக்கோட்டுக்காரரும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரரும் கணக்கு தெரியாமலே தலையாட்டுவார்கள்.

பழைய கைடில் அதே இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். 10 நாள், 15 நாள் என்று வையுங்கள். பத்தில் ஒன்றும் பதினைந்தில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஒன்று. விடை 6, சரியாக வருகிறது. எண்களை மாற்றினார்கள், விடையை மறந்தார்கள்.

முதலில் அவள் தோற்க வேண்டும்

நீங்கள் அவளைக் கெட்டிக்காரியாகவே தொடங்கியிருப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அவள் சரி என்று தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளோடு பல வருடம் இருந்தவள் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டும்: விடைக்குறிப்போடு விடை ஒத்துவராதபோது, பெரும்பாலும் தப்பு நோட்டில்தான் இருக்கும். கேள்வியைத் தப்பாகப் படித்திருப்பார்கள், இல்லையென்றால் கூட்டலில் சறுக்கியிருப்பார்கள். 'எப்போதும் உன் விடையையே நம்பு' என்று கதை சொன்னால், அதைப் படிக்கும் நூறு பிள்ளைகள் தங்கள் தப்பையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதனால் புளிக் கணக்குக்கு முன்னால் இன்னொரு கணக்கு வரட்டும். ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் கூட்டி, பிறகு 20 சதவீதம் குறைத்தால் லாபமா நட்டமா? ஏறின அளவுதானே இறங்குகிறது, ஒன்றுமில்லை என்று அவள் எழுதுகிறாள். குறிப்பு 4 சதவீதம் நட்டம் என்கிறது. புத்தகம் தப்பு என்று தோழியிடம் சொல்லியும்விடுகிறாள். சாயங்காலம் நூறு ரூபாயை வைத்துப் போட்டுப் பார்க்கிறாள். நூறு, நூற்றிருபது ஆகிறது. குறைக்கும்போது நூற்றிருபதுக்கு 20 சதவீதம், அதாவது இருபத்துநாலு போகிறது. மிச்சம் தொண்ணூற்றாறு. குறிப்புதான் சரி.

இந்த அடி பட்ட பிறகு புளிக் கணக்கில் ஆறைப் பார்க்கும்போது, அவளுக்கு முதலில் வருவது பயம். மறுபடி நான்தான் தப்போ? அதனால்தான் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படிக்கிறாள். 'தனியாக' என்ற சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறதா என்று பார்க்கிறாள். அதனால்தான் வேறு வழி தேடுகிறாள், பழைய கைடைக் கேட்டு அக்கா வீட்டுக்குப் போகிறாள். ஒவ்வொரு அடிக்கும் காரணம் தானாகக் கிடைத்துவிடுகிறது, நீங்கள் எதையும் வலிந்து எழுத வேண்டியதில்லை.

கதையைப் பரிசுக் காட்சியில் முடிப்பதா என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. கலெக்டரும் பதிப்பகமும் வந்து சரி என்று சொன்னால், கடைசியில் அவள் இன்னொரு பெரிய இடத்தின் சொல்லைத்தான் நம்பியதாக ஆகும். அந்த இரண்டு காட்சியையும் எடுத்துவிடுங்கள்.

கணக்கு சார்

கை ஓங்குவதை எடுத்துவிடச் சொல்வது மென்மைக்காக இல்லை. நாற்பது நோட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் குறிப்பைப் பிடித்து டிக் போட்டுக்கொண்டு போகிற மனிதரை யோசித்துப் பாருங்கள். ஆறு இருந்தால் டிக், எட்டு இருந்தால் சுழி. அவர் கொடுமைக்காரர் இல்லை, களைத்திருக்கிறார். வகுப்பில் முப்பது பேர் ஆறு என்று எழுதியிருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் போட்டுப் பார்க்காமலே கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியவர்கள். இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவர் "குறிப்பைப் பாரும்மா" என்கிறார். அவள் ஆயாவைப் பற்றிச் சொல்கிறாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போகிறார்.

இதற்கு மேல் கத்தலோ அழுகையோ தேவைப்படாது. அவர் பலகையில் போட்டு எட்டு வந்ததும், தன் கைடில் ஆறை அடித்து எட்டு என்று எழுதட்டும். அதன் பிறகு அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு என்று எழுதிய முப்பது பேரிடம், "எப்படிப்பா ஆறு வந்துச்சு, போட்டுக் காட்டுங்க" என்பார். யாராலும் காட்ட முடியாது. என் யோசனைப்படி கதை அங்கேயே நின்றுவிடலாம்.

தோழி சொன்ன பெரிய தேர்வு

உங்கள் தோழியின் யோசனையை ஒதுக்கிவிடவில்லை, ஆனால் அதற்குள் போனால் நீங்கள் வேறு கதை எழுத வேண்டியிருக்கும். கைடின் விடைக்குறிப்புக்கு எந்த அதிகாரமும் இல்லை. அது தப்பானால் யாருக்கும் மதிப்பெண் போகாது, ஆசிரியர் பேனாவால் திருத்தினால் முடிந்தது. தேர்வு நடத்தும் அமைப்பின் குறிப்பு அப்படியல்ல. நீட் தேர்வில் முதலில் தற்காலிகக் குறிப்பு வெளியிடுவார்கள், கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், நிபுணர்கள் பார்த்த பிறகுதான் இறுதிக் குறிப்பு வரும்.

அதற்கும் மேலே நீதிமன்றம் போனாலும் வழி குறுகலானது. கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் மேற்கோளாக எடுக்கப்படுகிறது. விடைக்குறிப்பு சரி என்றே முதலில் கொள்ள வேண்டும். அது தப்பு என்பது வெளிப்படையாக நிரூபிக்கப்பட வேண்டும், துறை அறிந்த எவரும் சரி என்று ஏற்க முடியாத அளவுக்கு. நீட்டி முழக்கி வாதம் செய்து தப்பு என்று காட்டினால் போதாது.

2024 நீட் தேர்வில் நடந்ததையும் பாருங்கள். அணுவைப் பற்றிய ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வாசகத்தை நம்பிச் சிலர் ஒரு விடையை எழுதியதுதான் காரணம். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டபடி டெல்லி ஐ.ஐ.டி. மூன்று நிபுணர்களை அமர்த்தியது, அவர்கள் ஒரே ஒரு விடைதான் சரி என்றார்கள். மற்ற விடையை எழுதியிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கிடைத்த நான்கு மதிப்பெண்ணும் போய், தப்பான விடைக்கு ஒன்றும் கழிந்தது. அங்கே சண்டை புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவில். ஒரு பிள்ளை உட்கார்ந்து போட்டுப் பார்த்துத் தீர்க்கக்கூடிய விஷயமாக அது இல்லை. உங்கள் கதைக்கு வேண்டியது அவளே தீர்க்கக்கூடிய ஒன்று, அதனால் கைடே இருக்கட்டும்.

பெயர்கள்

மூன்று பெயர்களையும் மாற்றியே ஆக வேண்டும். உண்மை நடந்ததுதானே, உண்மைப் பெயர் போட்டால் என்ன என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கை ஓங்கியது உண்மையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. உண்மையான பள்ளியின் பெயரைப் போட்டு, அங்கே சார் கை ஓங்கினார் என்று எழுதினால், நடக்காத குற்றத்தை அடையாளம் தெரிகிற ஒருவர் மேல் சுமத்துவதாகும். அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இருக்கிறது, கதை என்று சொல்லித் தப்பிவிட முடியாது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் பெயர்கள் திரும்ப வர வேண்டாம். கைடின் பெயர் கதைக்கு எதையும் சேர்க்கவில்லை, 'பச்சை அட்டைக் கைடு' என்றாலே போதும்.

பிள்ளை விஷயத்தில் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. சின்ன கிராமத்தில் புளி உடைக்கும் அம்மா, ஆயா, எட்டாம் வகுப்பு என்றாலே யாரென்று தெரிந்துவிடும். நிஜத்தில் அவள் வீட்டு வேலை வேறாக இருந்தால் நல்லது, அப்படியே இருந்தால் ஊரை மாற்றுங்கள். குறிப்பாக, சதவீதக் கணக்கில் அவள் தோற்பது நாம் சேர்ப்பது என்பதால், அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் அச்சுக்குப் போகும் முன்பே கதையைப் படித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதிக்கு இன்னொரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

திருத்தி முடித்ததும், கதையைக் காட்டாமல் கணக்கை மட்டும் உங்கள் மையத்துக்கு வந்த இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள், எந்த விடையைத் தப்பாக எடுக்கிறார்கள் என்று கவனித்தால், வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பேசும் வசனம் உங்களுக்குக் கிடைக்கும். பத்திரிகையிலிருந்து மெய்ப்புப் படி வந்தால் 12, 24, 6, 8 என்ற நாலு எண்களும் ஒவ்வொரு இடத்திலும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். திருத்துபவர்கள் சந்தியைப் பார்ப்பார்கள், எண்ணைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.